ஒரு ஆப்பிளுக்குப் பதினேழு புள்ளி

மேலிருந்து ஆப்பிள் விழும். கீழே ஒரு கிண்ணம் இடமும் வலமும் நகரும். கிண்ணத்தில் ஆப்பிள் பட்டால் ஒரு புள்ளி. ஸ்கிராட்ச் பழகும் குழந்தைகள் பெரும்பாலும் முதல் சில வாரங்களிலேயே செய்து பார்க்கும் விளையாட்டு இது. ஓட்டிப் பார்க்கும்போது ஆப்பிள் ஒழுங்காக விழுகிறது, கிண்ணமும் சொன்னபடி நகர்கிறது. ஆனால் முதல் ஆப்பிளைப் பிடித்ததுமே புள்ளி 17 என்று நிற்கிறது. அடுத்ததைப் பிடித்தால் 34. மூன்றாவதை ஓரமாகப் பிடித்தால் 39. "ஒண்ணுதானே கூட்டச் சொன்னேன்!" என்று பிள்ளை திரையைக் காட்டுகிறது. பிள்ளை சொல்வது சரி. ஒன்றுதான் கூட்டச் சொல்லியிருக்கிறது. கணினியும் ஒவ்வொரு முறையும் ஒன்றைத்தான் கூட்டியிருக்கிறது.

அமெரிக்காவின் எம்.ஐ.டி. மீடியா லேபில் மிட்செல் ரெஸ்னிக் தலைமையிலான குழு உருவாக்கி, 2007-இல் பொதுப் பயன்பாட்டுக்கு வெளியிட்டது ஸ்கிராட்ச். வண்ண வண்ணக் கட்டங்களை ஒன்றன்கீழ் ஒன்றாக ஒட்டி நிரல் எழுதும் முறை. இந்தக் கட்டங்களை பிளாக் என்கிறார்கள். தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்பு அறிவியல் பாடநூலின் கணினிப் பகுதியிலும் ஸ்கிராட்ச் அறிமுகமாகிறது. தட்டச்சுப் பிழை வர வழியில்லாத மொழி இது. கட்டம் பொருந்தினால் ஒட்டும், பொருந்தாவிட்டால் ஒட்டாது. அதனால் இங்கே வருகிற பிழைகள் அநேகமாக எல்லாமே எண்ணத்தில் இருக்கிற பிழைகள். சிவப்பு எழுத்தில் எச்சரிக்கை எதுவும் வராது. நிரல் சந்தோஷமாக ஓடிக்கொண்டேயிருக்கும், விடை மட்டும் தவறாக இருக்கும். அந்த வகைக்குப் பதினேழு புள்ளி ஆப்பிளைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

ஆப்பிளுக்கு எழுதப்பட்ட நிரல் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்:

```
when green flag clicked
set [score v] to (0)
forever
  change y by (-5)
  if <touching (Bowl v) ?> then
    change [score v] by (1)
  end
  if <(y position) < (-170)> then
    go to x: (pick random (-220) to (220)) y: (170)
  end
end
```

பச்சைக் கொடியை அழுத்தியதும் புள்ளி பூஜ்யமாகிறது. பிறகு `forever` என்ற முடிவில்லாச் சுழற்சி. ஒவ்வொரு சுற்றிலும் ஆப்பிள் ஐந்து அலகு கீழே இறங்குகிறது. கிண்ணத்தைத் தொடுகிறதா என்று பார்க்கிறது. தொட்டால் புள்ளியில் ஒன்று கூடுகிறது. தரைக்குப் போய்விட்டால் மேலே ஏதோ ஓர் இடத்திலிருந்து மறுபடி விழத் தொடங்குகிறது. வாசித்தால் குறை எதுவும் தெரியாது.

குறை எங்கே என்று காண, கணினி இதை எவ்வளவு வேகத்தில் செய்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். ஸ்கிராட்ச் ஒரு நொடிக்கு 30 முறை திரையை வரைகிறது. ஒவ்வொரு வரைதலையும் ஒரு பிரேம் என்பார்கள். `forever` சுழற்சிக்குள் ஏதாவது ஸ்ப்ரைட் நகர்ந்தால், ஒரு சுற்று முடிந்ததும் ஸ்கிராட்ச் சற்று நின்று திரையை வரைந்துவிட்டுத்தான் அடுத்த சுற்றுக்குப் போகும். எனவே நம் ஆப்பிள் நொடிக்கு 30 முறை இறங்குகிறது, நொடிக்கு 30 முறை "தொடுகிறேனா?" என்று கேட்கிறது.

இனிக் கணக்குப் போடலாம். ஸ்கிராட்ச் மேடையின் உயரம் 360 அலகு. நடுப்புள்ளி பூஜ்யம், உச்சி 180, தரை −180. ஆப்பிளின் உயரம் 60 என்றும், கிண்ணத்தின் உயரம் 40 என்றும், கிண்ணத்தின் நடுப்பகுதி −140-இல் இருக்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். அப்படியானால் கிண்ணத்தின் மேல்விளிம்பு −120-இல் இருக்கும். ஆப்பிளின் நடுப்பகுதி −90-க்கு வரும்போது அதன் அடிப்பாகம் அந்த விளிம்பை முட்டும். அடுத்த பிரேமில், அதாவது −95-இல், இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று ஏறிவிடும். "தொடுகிறேனா?" என்ற கேள்விக்கு முதல் முறையாக ஆம் என்று விடை. புள்ளி ஒன்று. ஆனால் ஆப்பிள் அங்கே நிற்கவில்லை. −100-க்கு இறங்குகிறது, மறுபடி ஆம், புள்ளி இரண்டு. −105-இல் மூன்று. இப்படியே −175 வரை போனபின்தான் தரைக்கான நிபந்தனை ஆப்பிளை மேலே அனுப்புகிறது. −95 முதல் −175 வரை ஐந்து ஐந்தாக எண்ணினால் பதினேழு நிறுத்தங்கள். பதினேழு புள்ளி. இவ்வளவும் அரை நொடியைச் சற்றே தாண்டிய நேரத்துக்குள் முடிந்துவிடுவதால், புள்ளி ஒவ்வொன்றாக ஏறியது நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஒரே தாவலில் பதினேழு ஏறியதாகத் தோன்றுகிறது.

மூன்றாவது ஆப்பிளுக்கு ஏன் ஐந்து மட்டும்? ஸ்கிராட்ச் இரண்டு படங்களின் வெளிச்சட்டங்களை ஒப்பிட்டுத் தொடுதலைத் தீர்மானிப்பதில்லை. வண்ணம் உள்ள பகுதிகள் உண்மையில் ஒன்றின் மேல் ஒன்று படுகின்றனவா என்று பார்க்கிறது. உருண்டையான ஆப்பிள் கிண்ணத்தின் ஓரத்தை உரசிக்கொண்டு போனால், அவை பட்டுக்கொண்டிருக்கும் பிரேம்கள் நான்கோ ஐந்தோதான். ஆக, எவ்வளவு புள்ளி என்பது எத்தனை பிரேம்களுக்குத் தொட்டுக்கொண்டிருந்தது என்பதன் அளவு.

பிழையின் வேர் இதுதான். `touching` என்ற கட்டம் "இப்போது தொட்டுக்கொண்டிருக்கிறதா?" என்று நிலையைக் கேட்கிறது. நாம் எண்ண விரும்புவதோ "தொடாமல் இருந்தது தொட்டுவிட்டதா?" என்கிற நிகழ்வை. பேருந்தில் ஏறியவர்களுக்கு டிக்கெட் கொடுக்க வேண்டிய கண்டக்டர், ஒவ்வொரு நிறுத்தத்திலும் உள்ளே உட்கார்ந்திருப்பவர்களை எல்லாம் எண்ணி அத்தனை டிக்கெட் கிழித்தால் என்ன ஆகுமோ அதுவே இங்கு நடக்கிறது. நமக்கு ஒரு தொடுதல் ஒரு கணம். கணினிக்கு அது ஒரு நீளமான காலம், அதன் ஒவ்வொரு துண்டிலும் விடை ஆம்தான்.

புள்ளி பலமுறை ஏறுவதற்கு வேறு காரணங்களும் உண்டு என்பதால், சுழற்சிதான் காரணமா என்று முதலில் உறுதி செய்துகொள்வது நல்லது. இதற்கு ஒரு எளிய சோதனை இருக்கிறது: ஆப்பிளின் வேகத்தை மாற்றிப் பாருங்கள். −5-ஐ −10 ஆக்கினால் புள்ளி ஏறக்குறைய பாதியாகும். மேலே சொன்ன அளவுகளின்படி ஒன்பது வரும். −1 ஆக்கி மெதுவாக விழவிட்டால் 81 வரும், புள்ளி ஓடுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். வேகம் கூடினால் புள்ளி குறைகிறது, வேகம் குறைந்தால் கூடுகிறது என்றால் சந்தேகமே வேண்டாம், பிரேம்கள்தான் எண்ணப்படுகின்றன. மாறாக, எந்த வேகத்திலும் எப்போதும் சரியாக இரண்டு புள்ளி ஏறினால் அது வேறு நோய். ஆப்பிளிலும் கிண்ணத்திலும் தனித்தனியே புள்ளி கூட்டும் நிரல் இருக்கலாம், அல்லது ஒரே நிரல் இரண்டு பிரதிகளாகக் கிடக்கலாம்.

இன்னொரு தோற்றமும் உண்டு, அதைப் பார்த்தால் திகைத்துத்தான் போவார்கள். பூனை நடந்துபோய், தரையில் கிடக்கும் நாணயத்தை எடுக்கிற விளையாட்டு. பூனை நாணயத்தின் மேல் நின்றதும் புள்ளி நூற்றுக்கணக்கில் பாய்கிறது. இங்கே பிரேம் கணக்குப் பொருந்தாது, நொடிக்கு முப்பதுதானே ஏற வேண்டும்? நாணயம் நகரவில்லை, பூனையும் நின்றுவிட்டது. திரையில் வரைவதற்குப் புதிதாக எதுவும் இல்லாதபோது, ஸ்கிராட்ச் அடுத்த பிரேமுக்காகக் காத்திருக்காமல் ஒரே பிரேமுக்குள் சுழற்சியைப் பலமுறை ஓட்டுகிறது. புள்ளி என்கிற மாறியின் மதிப்பு மாறுவதை அது மேடையில் நடந்த மாற்றமாக எடுத்துக்கொள்வதில்லை. எல்லாம் அசையாமல் நிற்கும்போது புள்ளி இன்னும் வெறியாக ஏறுவதற்கு இதுதான் காரணம்.

அப்படியானால் `forever`-ஐ எடுத்துவிடலாமா? பலருக்கு முதலில் தோன்றுவது இதுதான். எடுத்துவிட்டால் கேள்வி பச்சைக் கொடியை அழுத்திய அந்தக் கணத்தில் ஒரே ஒருமுறை கேட்கப்படும். அப்போது ஆப்பிள் உச்சியில் இருக்கும். விடை இல்லை. அதோடு முடிந்தது, புள்ளி ஏறவே ஏறாது. சரி, கேட்பதையாவது குறைக்கலாம் என்று சுழற்சியின் கடைசியில் `wait (1) seconds` போட்டால், இறங்கும் கட்டமும் அதே சுழற்சியில் இருப்பதால் ஆப்பிள் நொடிக்கு ஒருமுறை ஐந்து அலகு நகரும். கேள்வியை மட்டும் தனி நிரலில் வைத்து ஒவ்வொரு சுற்றுக்கும் அரை நொடி காத்திருக்க வைத்தாலும் பயனில்லை. ஓரத்தில் உரசிப்போகும் ஆப்பிள் ஐந்து பிரேம்களுக்குத்தான் தொடுகிறது, அது நொடியில் ஆறில் ஒரு பங்கு. அரை நொடிக்கு ஒருமுறை எட்டிப்பார்ப்பவர் கண்ணில் அது படாமலே போய்விடும். நடுவில் சரியாக விழுந்த ஆப்பிளோ அரை நொடிக்கு மேல் தொடுவதால், சில சமயம் இரண்டு புள்ளியும் கொடுத்துவிடும். அடிக்கடி கேட்பது குற்றமே அல்ல. கேட்டு ஆம் என்று வந்த பிறகு உலகத்தை அப்படியே விட்டுவைத்ததுதான் குற்றம்.

ஆப்பிள் பிடிபட்டதும் மறைந்து மேலிருந்து மறுபடி வரவேண்டும் என்கிற விளையாட்டுக்குத் தீர்வு ஒரே ஒரு கட்டம். புள்ளி கூட்டும் கட்டத்தோடு சேர்த்தே ஆப்பிளை மேலே அனுப்பிவிட வேண்டும்:

```
if <touching (Bowl v) ?> then
  change [score v] by (1)
  go to x: (pick random (-220) to (220)) y: (170)
end
```

அடுத்த சுற்றில் கேள்வி கேட்கப்படும்போது ஆப்பிள் உச்சியில் இருக்கிறது. விடை இல்லை. ஒரு தொடுதலுக்கு ஒரு புள்ளி. இந்த இரண்டு கட்டங்களில் எது முதலில் வரவேண்டும் என்று கவலைப்படத் தேவையில்லை, ஒரே சுற்றுக்குள் இரண்டும் சேர்ந்தே நடந்துவிடும்.

இதிலும் ஒரு ஓட்டை இருக்கிறது. கிண்ணம் `go to (mouse-pointer v)` என்ற கட்டத்தால் சுட்டியோடு எங்கும் போகும்படி செய்திருந்தால், கெட்டிக்கார விளையாட்டுக்காரர் கிண்ணத்தை மேடையின் உச்சியில் கொண்டுபோய் வைத்துக்கொள்வார். மேலே அனுப்பப்பட்ட ஆப்பிள் கிண்ணம் இருக்கும் இடத்தில் தோன்றினால் கிண்ணத்துக்குள்ளேயே வந்து விழும். மறுபடி ஆம், மறுபடி மேலே, மறுபடி ஆம். கிண்ணத்தின் உயரத்தை மாற்றாமல் `set x to (mouse x)` என்று பக்கவாட்டில் மட்டும் நகரவிட்டால் இந்த வழி அடைபடும்.

இதுவரை சரி. ஆனால் பிள்ளைகள் இதோடு நிறுத்துவதில்லை. பிடிபட்ட ஆப்பிள் கிண்ணத்திலேயே கொஞ்ச நேரம் வெடித்துச் சிதறுகிற மாதிரி காட்ட வேண்டும் என்பார்கள். நியாயமான ஆசை. அப்போது ஒருவர் இப்படிப் பிரிப்பார்: தொடுகிறதா என்று கேட்டுப் புள்ளி கூட்டுவது கிண்ணத்தின் வேலை. தொட்டால் கிண்ணம் `caught` என்று ஒரு செய்தியை ஒலிபரப்பும். செய்தியைக் கேட்டதும் ஆப்பிள் உடையை மாற்றி, கொஞ்சம் பொறுத்து, மேலே போகும்.

```
when I receive [caught v]
switch costume to (burst v)
wait (0.3) seconds
switch costume to (apple v)
go to x: (pick random (-220) to (220)) y: (170)
```

ஓட்டிப் பார்த்தால் பழைய பிழை திரும்பி வந்திருக்கும், கூடவே ஒரு புதிய விசித்திரமும். தரையைத் தொட்டு மேலே போன ஆப்பிள் வெடித்த உருவத்திலேயே கொஞ்சம் கீழே இறங்கும், பிறகு திடீரென்று வேறோர் இடத்துக்கு, மறுபடி உச்சிக்குத் தாவும். இதற்குக் காரணம் ஸ்கிராட்ச் ஒலிபரப்பின் ஒரு குணம். ஒரு செய்தியைக் கேட்டு ஓடிக்கொண்டிருக்கிற நிரலுக்கு அதே செய்தி மறுபடி வந்தால், அது பாதியில் விட்டுவிட்டு முதலிலிருந்து தொடங்கும். தொட்டுக்கொண்டிருக்கும்வரை கிண்ணம் பிரேமுக்கு ஒருமுறை ஒலிபரப்புகிறது. ஆப்பிளின் 0.3 நொடிக் காத்திருப்பு ஒவ்வொரு முறையும் பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறது. அது ஒருபோதும் முடிவதில்லை. இதற்கிடையில் ஆப்பிளை இறக்கும் இன்னொரு நிரல் அதைத் தரைவரை கொண்டுபோய், வழக்கம்போல மேலே அனுப்புகிறது. அங்கே தொடுதல் அறுந்ததும் கடைசியாகத் தொடங்கிய காத்திருப்பு ஒருவழியாக முடிகிறது. ஒன்பது பிரேம், 45 அலகு இறங்கியபின், ஆப்பிள் இரண்டாம் முறையாக மேலே போகிறது. விழுந்துகொண்டிருக்கும் பொருள் நடுவழியில் காரணமின்றித் தாவினால், யாரோ ஒரு செய்தியைத் திரும்பத் திரும்ப அனுப்புகிறார்கள் என்று சந்தேகிக்கலாம்.

இந்த இடத்தில் ஆப்பிளுக்கு ஒரு ஞாபகம் தேவைப்படுகிறது. `caught` என்ற பெயரில் ஒரு மாறி. பூஜ்யம் என்றால் இன்னும் எண்ணவில்லை, ஒன்று என்றால் எண்ணியாயிற்று. தொடக்கத்தில் பூஜ்யம். ஆப்பிளின் சுழற்சிக்குள் இப்படி எழுதலாம்:

```
if <<touching (Bowl v) ?> and <(caught) = (0)>> then
  set [caught v] to (1)
  change [score v] by (1)
end
if <not <touching (Bowl v) ?>> then
  set [caught v] to (0)
end
```

முதல் பிரேமில் தொடுகிறது, ஞாபகம் பூஜ்யம், ஆகவே புள்ளி கூடுகிறது, ஞாபகம் ஒன்றாகிறது. அடுத்த பதினாறு பிரேம்களிலும் தொடுகிறது, ஆனால் ஞாபகம் ஒன்று என்பதால் எதுவும் நடக்காது. விலகியதும் ஞாபகம் பூஜ்யமாகி அடுத்த தொடுதலுக்குத் தயாராகிறது. வெடிக்கிற செய்தியையும் அந்த முதல் நிபந்தனைக்குள்ளேயே ஒலிபரப்பிவிட்டால் அது ஒரே ஒருமுறைதான் போகும், காத்திருப்பும் ஒழுங்காக முடியும். `wait until <not <touching (Bowl v) ?>>` என்ற கட்டத்தைப் புள்ளி கூட்டியபின் வைத்தாலும் இதே பலன் கிடைக்கும். ஆனால் அந்தக் கேள்வி தனி நிரலில் இருக்க வேண்டும். ஆப்பிளை இறக்கும் சுழற்சிக்குள்ளேயே அதை வைத்தால், விலகும்வரை காத்திரு என்று ஆப்பிளையே நிறுத்திவிடுவோம். நின்ற ஆப்பிள் எப்படி விலகும்?

ஆப்பிளை மேலே அனுப்புகிற குறுக்குவழி போதாமல், இந்த ஞாபக மாறி அவசியமாகிற இடம் உயிர் குறைகிற விளையாட்டு. மூன்று உயிர், எதிரி மேலே பட்டால் ஒன்று போகும். எதிரி மறைவதில்லை, நடந்துகொண்டேயிருக்கிறது. சுழற்சி இங்கேயும் பிரேமுக்கு ஒன்றாகக் குறைத்தால், பட்ட மாத்திரத்தில் மூன்று பிரேம்களில், நொடியில் பத்தில் ஒரு பங்கில், ஆட்டம் முடிந்துவிடும். புள்ளி பதினேழு ஏறினால் சிரித்துக்கொண்டு விளையாடுகிறவர்கள்கூட இதை விட்டுவைக்க மாட்டார்கள். அதனால் பல பிள்ளைகள் இந்தப் பிழையைப் புள்ளியில் பொறுத்துப்போய், உயிரில்தான் முதல் முறையாகத் துரத்திப் பிடிக்கிறார்கள்.

ஒரே நேரத்தில் பல ஆப்பிள்கள் விழவேண்டுமென்றால் குளோன் எனப்படும் பிரதிகளைப் பயன்படுத்துவார்கள். பிடிபட்டதும் புள்ளியைக் கூட்டி, உடனே `delete this clone` என்று எழுதிவிட்டால் அந்தப் பிரதியோடு அதன் சுழற்சியும் போய்விடும், கேள்வி கேட்கவே ஆளில்லை. அழிக்காமல் ஞாபக மாறியைத்தான் வைப்பேன் என்றால், அதை உருவாக்கும்போது தோன்றும் பெட்டியில் `For this sprite only` என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அப்போதுதான் ஒவ்வொரு பிரதிக்கும் தனி ஞாபகம் இருக்கும். `For all sprites` என்று விட்டுவிட்டால் எல்லா ஆப்பிளுக்கும் ஒரே ஞாபகம். கிண்ணத்தைத் தொடாமல் விழுந்துகொண்டிருக்கிற ஏதோ ஓர் ஆப்பிள் ஒவ்வொரு பிரேமிலும் அதைப் பூஜ்யமாக்கிக்கொண்டே இருக்கும், கிண்ணத்தில் கிடக்கிற ஆப்பிள் ஒவ்வொரு பிரேமிலும் அதை ஒன்றாக்கிப் புள்ளி வாங்கிக்கொண்டே இருக்கும். நிரல் முழுவதும் சரியாக இருந்தும் புள்ளி பழையபடி பதினேழு பதினேழாக ஏறுகிறது என்றால், முதலில் பார்க்க வேண்டியது மாறியின் அந்த ஒரு தேர்வைத்தான்.